திரும்பிப் போன மின்விசிறிகளும் வரிக்கணக்கும்

மதுரைக் கடைக்காரர் ஒருவர் கோவை சப்ளையரிடம் 20 மின்விசிறிகள் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 2,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து பில் 47,200 ரூபாய். கணக்கிலும் ஏற்றியாயிற்று. பிறகுதான் ஐந்தில் மோட்டார் கோளாறு தெரிகிறது, திருப்பி அனுப்புகிறார்.

இங்கே பலர் பழைய பில் பதிவையே திறந்து தொகையைக் குறைத்துவிடுவார்கள். அது தவறு. சப்ளையர் அரசுக்குக் காட்டிய பில் 47,200தான். நம் ஏட்டிலும் அது அப்படியே நிற்க வேண்டும். திருப்பத்துக்குத் தனிப்பதிவு: சப்ளையர் கணக்கில் 11,800 பற்று, கொள்முதல் திருப்பத்தில் 10,000 வரவு, உள்ளீட்டு வரியில் மத்திய ஜிஎஸ்டி 900, மாநில ஜிஎஸ்டி 900 வரவு.

முழு 11,800-ஐயும் கொள்முதல் திருப்பத்திலேயே எழுதினால் சப்ளையர் பாக்கி சரியாகவே தெரியும். ஆனால் நமக்கு உரிமையில்லாத 1,800 ரூபாய் வரிச்சலுகை ஏட்டில் தங்கிவிடும். மாதாமாதம் GSTR-2B-யோடு ஒப்பிட்டால்தான் இது பிடிபடும்.

நாம் அனுப்பும் டெபிட் நோட் நம் கணக்குக்கான தாள். வரியைக் குறைப்பது சப்ளையர் தரும் கிரெடிட் நோட்தான். அதை அவர் GSTR-1-இல் காட்ட வேண்டும். நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30, அல்லது அவர் ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நாள், எது முந்தியோ அதுவே கெடு. அது தாண்டினால் அந்த வரியை அவரால் குறைத்துக்கொள்ள முடியாது. அதனால் சரக்கு கிளம்பும்போதே பழைய பில் எண்ணைக் குறிப்பிட்டு கிரெடிட் நோட் கேட்டுவிடுங்கள்.