முதல் செமஸ்டரில் அரியர்: அக்கா அனுப்பிய மெசேஜ்

அண்ணா பல்கலைக்கழகத்தின் தேர்வு முடிவுப் பக்கத்தில் மதிப்பெண் இருக்காது. பாடக் குறியீடும் அதற்கு எதிரே ஒரு கிரேடும்தான் இருக்கும். MA3151 என்பதற்கு எதிரே U என்று வந்தால், முதல் செமஸ்டர் கணிதத்தில் தேறவில்லை, மறுபடி எழுத வேண்டும் என்று பொருள். ஒரு மதிப்பெண்ணில் போனதா, முப்பதில் போனதா, எந்தக் கேள்வி காலை வாரியது என்று அந்தப் பக்கத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பிளஸ் டூ வரை ஒரு பாடத்திலும் தவறாத பிள்ளை அந்த எழுத்தைப் பார்த்ததும், ‘எனக்குக் கணக்கே வராது, இன்ஜினியரிங்கே வேண்டாம்’ என்று ஒரே மூச்சில் முடிவு கட்டிவிடுகிறது.

அப்படி முடிவு கட்டிய ஒரு பையனுக்கு அவனுடைய பெரியம்மா மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய மெசேஜை இருவரின் சம்மதத்தோடு படித்தேன். பையன் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தவன். அக்கா அதே படிப்பை முடித்து வேலையில் இருப்பவள். குடும்ப குரூப்பில் எழுதாமல் அவனுக்கு மட்டும் எழுதியிருந்தாள். ஆரம்பமே இப்படி:

“தம்பி, ரிசல்ட் பாத்தேன்டா. இப்ப எதுவும் பேச வேணாம், சாப்ட்டு தூங்கு. நாளைக்குக் காலைல எனக்கு ரெண்டே ரெண்டு விஷயம் அனுப்பு. மேத்ஸ்ல உன் இன்டர்னல் எவ்வளவு? போட்டோகாப்பிக்கு அப்ளை பண்ணக் கடைசி நாள் என்னைக்கு?”

‘தோல்விதான் வெற்றிக்கு முதல் படி’ என்று சொந்தக்காரர்கள் அனுப்பும் படங்களைவிட இந்த இரண்டு கேள்விகளும் பெரிய ஆறுதல் என்பேன். ஏன் என்று புரிய, தேர்ச்சிக் கணக்கைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

2021 ரெகுலேஷனில், பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரிகளில், எழுத்துத் தாளுக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. தேர்வை எழுதுவது நூறு மதிப்பெண்ணுக்கு. அதை அறுபதுக்குச் சுருக்கி இன்டர்னலோடு கூட்டுவார்கள். மொத்தம் 50 வர வேண்டும். அது மட்டும் போதாது. தேர்வுத் தாளில் தனியாகக் குறைந்தது 45 விழுக்காடு எடுத்தாக வேண்டும். இன்டர்னலில் 35 வாங்கிய பிள்ளையும் தாளில் 40 எடுத்தால் தேறாது. முதலாண்டுப் பிள்ளைகள் பலர் இந்த இரண்டாவது நிபந்தனையை ரிசல்ட் வந்த பிறகுதான் கேள்விப்படுகிறார்கள்.

பையனின் இன்டர்னல் 24. மொத்தம் ஐம்பதுக்கு அவனுக்கு இன்னும் 26 வேண்டும். ஆனால் அறுபதில் 45 விழுக்காடு என்பது 27. ஆகவே அவன் நூற்றுக்கு 45 எடுத்திருந்தால் போதும். முதல் முயற்சியில் வாங்கிய இன்டர்னல் அடுத்த முறைக்கும் அப்படியே நிற்கும் என்பதால், அரியர் எழுதும்போதும் அவன் தொட வேண்டிய எண் அதே 45தான். அக்கா இந்தக் கணக்கைப் போட்டு மறுநாள் காலையில் அனுப்பிவிட்டாள்.

அடுத்தது விடைத்தாளின் போட்டோகாப்பி. ரிசல்ட் வந்ததும் கல்லூரி வழியாகச் சில நூறு ரூபாய் கட்டி விண்ணப்பித்தால், திருத்திய விடைத்தாளின் நகல் கிடைக்கும். அதற்குத் தரும் அவகாசம் சில நாட்கள்தான். மறுமதிப்பீடு கேட்க நினைப்பவர்களும் முதலில் இந்த நகலை வாங்கியிருக்க வேண்டும். துக்கத்தில் ஒரு வாரம் போர்வைக்குள் கிடந்தால் இந்தக் கதவு மூடிவிடும். அக்கா முதல் இரவே தேதியைக் கேட்டது அதனால்தான்.

நகல் வந்தது. நூற்றுக்கு 38. ‘கணக்கே வராது’ என்றவன் ஏழு மதிப்பெண்ணில் நின்றிருக்கிறான். அக்கா அதோடு விடவில்லை. ஒவ்வொரு யூனிட்டிலும் என்ன வந்திருக்கிறது என்று எழுதி அனுப்பச் சொன்னாள். கணிதத் தாளில் இரண்டு மதிப்பெண் கேள்விகள் பத்து, பதினாறு மதிப்பெண் கேள்விகள் ஐந்து. யூனிட்டுக்கு ஒரு பெரிய கேள்வி, அதில் ‘இது அல்லது அது’ என்று ஒரு தேர்வு உண்டு. சின்னக் கேள்விகளில் அவனுக்கு 10. பெரிய கேள்விகளில் அணிகள் 12, வகை நுண்கணிதம் 8, பல மாறிச் சார்புகள் 6, தொகை நுண்கணிதம் 2. கடைசியாக உள்ள இரட்டை, மும்மைத் தொகையீடுகள் பூஜ்யம்.

“பூஜ்யம் வந்த இடத்துல நீ தப்பா எழுதலடா, எழுதவே இல்ல. பக்கம் காலியா இருக்கு. கடைசி யூனிட்ட எப்ப நடத்தினாங்க?” என்று கேட்டிருந்தாள். பரீட்சைக்கு முந்தைய வாரம் அவசர அவசரமாக நடத்தியதாகப் பதில் வந்தது. கலந்தாய்வு முடிந்து வகுப்பு தொடங்கவே தாமதமாகும் முதல் செமஸ்டரில் பல கல்லூரிகளில் நடப்பதுதான் இது. பையன் தன் மூளையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தான். படிக்காமல் விட்ட யூனிட் இது என்று விடைத்தாள் காட்டியது.

அணிகள் கேள்வி வேறு கதை. அதில் 12 வாங்கியவன் 16 வாங்கியிருக்க வேண்டும். ஐகன் மதிப்புகளைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, ஐகன் வெக்டரில் ஒரு குறியை மாற்றி எழுதியிருந்தான். இதைத் தேர்வு அறையிலேயே கண்டுபிடிக்க வழி உண்டு. அக்கா சின்ன உதாரணம் ஒன்றை எழுதி, படம் எடுத்து அனுப்பினாள். முதல் வரிசை 2, 1. இரண்டாம் வரிசை 1, 2 என்று ஓர் அணி. இதன் ஐகன் மதிப்புகள் 1, 3. கூட்டினால் 4; மூலைவிட்டத்தில் உள்ள 2, 2 இரண்டின் கூட்டலும் 4. பெருக்கினால் 3, அணிக்கோவையின் மதிப்பும் 3. இரண்டும் ஒத்துப்போனால் மதிப்புகள் சரி. பிறகு வெக்டர்கள்: (1, 1), (1, −1). உறுப்புக்கு உறுப்பு பெருக்கிக் கூட்டினால் 1 − 1 = 0. இப்படிச் சமச்சீர் அணியாக இருந்து ஐகன் மதிப்புகள் வெவ்வேறாகவும் இருந்தால், எந்த இரண்டு வெக்டர்களை எடுத்தாலும் பூஜ்யம்தான் வர வேண்டும். வரவில்லையென்றால் எங்கோ குறி தவறியிருக்கிறது, மேலே போகாதே. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். பையன் அதைச் செய்திருந்தால் நான்கு மதிப்பெண் மிஞ்சியிருக்கும்.

மறுமதிப்பீடு கேட்கலாமா என்ற கேள்வியும் வந்தது. அக்காவின் பதில் நேராக இருந்தது: “தாளைப் பாடம் எடுத்த சார்கிட்ட காட்டு. திருத்தாம விட்ட பக்கமோ கூட்டல் தப்போ இருந்தா போடு. சரியான ஸ்டெப்புக்கு மார்க் குடுக்கலன்னு சார் சொன்னாலும் போடு. ஒண்ணுமே இல்லாம, சும்மா ஏழு மார்க் ஏறாதான்னு போடாத.” ஆசிரியர் பார்த்துவிட்டு ஒன்றிரண்டு மதிப்பெண்தான் கூடலாம் என்றார். பையன் அதை அங்கேயே விட்டுவிட்டான். போட்டவர்களும் அந்த முடிவு வரட்டும் என்று புத்தகத்தை மூடி வைக்கக் கூடாது. இணைப்புக் கல்லூரிகளில் முதல் செமஸ்டர் அரியரை ஏப்ரல்–மே தேர்வுகளோடு சேர்த்து எழுதலாம்; ரிசல்ட்டுக்கும் அதற்கும் நடுவில் கிடைப்பது கொஞ்ச நாள்தான்.

அதே நேரத்தில் இரண்டாம் செமஸ்டரும் ஓடிக்கொண்டிருக்கும். பழைய பாடத்தைப் பிடிக்கப் போய்ப் புதுப் பாடத்தைக் கோட்டைவிடுவதுதான் அரியர் பெருகும் வழி. இந்த இடத்தில் அக்காவின் அனுபவம் நன்றாகக் கைகொடுத்தது. இரண்டாம் செமஸ்டர் கணிதத்தில் எண்ணியல் முறைகள் வருகின்றன. அங்கே காஸ் முறையில் சமன்பாடுகளைத் தீர்ப்பதும் ஐகன் மதிப்பைக் கண்டுபிடிப்பதும் உண்டு. ஆகவே அணிகள் யூனிட்டை இப்போது படித்தால் இரண்டு தாளுக்கும் ஆகும் என்று அதை முதலில் வைத்தாள். அடுத்தது பல மாறிச் சார்புகள். அதில் வரும் பகுதி வகைக்கெழுக்களையும் ஆய்லர் தேற்றத்தையும் அவன் பிளஸ் டூ கணிதப் புத்தகத்திலேயே தமிழில் படித்திருக்கிறான். அந்தப் புத்தகத்தைப் பரணிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். தமிழ் வழியில் படித்த பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல துணைநூல் கிடையாது என்று நானும் சொல்வேன்.

இலக்கு 45 அல்ல, 60 என்று வைத்தாள். சின்னக் கேள்விகளில் 14, அணிகளில் 14, வகை நுண்கணிதத்தில் 10, பல மாறிச் சார்புகளில் 10, தொகை நுண்கணிதத்தில் 4, கடைசி யூனிட்டில் 8. கூட்டினால் அறுபது. எந்த யூனிட்டிலும் முழு மதிப்பெண் கேட்கவில்லை. இரண்டு இடத்தில் சறுக்கினாலும் 45க்குக் கீழே போகாது. கடைசி மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய வினாத்தாள் ஒன்றை மூன்று மணி நேரம் உட்கார்ந்து முழுதாக எழுத வேண்டும் என்பது மட்டும் கறாரான கட்டளை.

அவள் எதையும் பூசி மெழுகவில்லை என்பதும் எனக்குப் பிடித்திருந்தது. முதல் முயற்சியிலேயே எல்லாப் பாடத்திலும் தேறினால்தான் டிஸ்டிங்ஷன். அது போய்விட்டது என்று எழுதினாள். முதல் வகுப்பு போகவில்லை. அதற்குச் சிஜிபிஏ 6.50 வைத்து ஐந்து ஆண்டுக்குள் முடித்தால் போதும் என்றும் எழுதினாள். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் கம்பெனிகளில் பல, அந்தச் சமயத்தில் அரியர் நிலுவையில் இருக்கக் கூடாது என்றுதான் கேட்கும். அரியர் வைத்த வரலாறே கூடாது என்பவையும் உண்டு. இதையெல்லாம் மறைத்து ‘ஒண்ணும் ஆகாதுடா’ என்று சொல்லியிருந்தால், மூன்றாம் ஆண்டில் உண்மை தெரியும்போது அக்காவின் மற்ற வார்த்தைகளும் சேர்ந்து பொய்யாகிப் போயிருக்கும்.

வீட்டில் சொல்வது பற்றி ஒரே வரி: “சித்திகிட்ட நீயே சொல்லு, இன்னைக்கே சொல்லு. நான் முந்திக்க மாட்டேன். சொன்னப்புறம் சித்தி அழுதா எனக்குப் போன் போடு, நான் பேசிக்கிறேன்.” ஒளித்து வைத்த ரிசல்ட்டோடு நாட்களைக் கடத்தும் பிள்ளைகள்தான் ஆபத்தில் இருக்கிறார்கள். சாப்பிடாமல், யாரோடும் பேசாமல், உயிரோடு இருந்து என்ன பயன் என்கிற மாதிரி ஒரு சொல் வந்துவிட்டால், அது மெசேஜ் தட்டிக்கொண்டிருக்கிற நேரமல்ல. உடனே நேரில் போக வேண்டும், அல்லது பக்கத்தில் இருக்கும் யாரையாவது அனுப்பித் தனியாக விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 104 என்ற எண்ணிலும், டெலி மானஸின் 14416 என்ற எண்ணிலும் கட்டணமில்லாமல் மனநல ஆலோசனை கிடைக்கும்.

பையன் ஏப்ரல்–மே தேர்வில் C கிரேடில் தேறினான். நான் சொன்ன விதிகள் அவன் படித்த ரெகுலேஷனுக்கு உரியவை. தன்னாட்சிக் கல்லூரிகளுக்கும் கலை, அறிவியல் கல்லூரிகளுக்கும் வேறு விதிகள்; ரெகுலேஷனும் சில ஆண்டுக்கு ஒருமுறை மாறும். உங்கள் சித்தி மகனுக்கோ அத்தை மகளுக்கோ இப்படி ஒரு ரிசல்ட் வந்தால், அவர்கள் கல்லூரியின் தேர்ச்சி விதியை வாங்கி நீங்களே ஒருமுறை படியுங்கள். அதற்கு முன்பாக, விடைத்தாள் நகலுக்குக் கடைசி நாள் எது என்று இன்றே கேட்டுவிடுங்கள்.