சராசரிக்குள் ஒளிந்த பத்து வினாடி

பொங்கலுக்கு ஊர் போக இணையதளத்தில் பேருந்து டிக்கெட் எடுக்க உட்காருகிறோம். பட்டனை அழுத்தியதும் திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தளத்தை நடத்துபவர்களைக் கேட்டால், "எங்கள் சராசரி பதில் நேரம் முக்கால் வினாடிகூட இல்லையே!" என்பார்கள். அவர்கள் சொல்வதும் பொய்யல்ல.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? கணினிக்கு 100 கோரிக்கைகள் வருகின்றன. 95-க்கு 0.2 வினாடியில் பதில் கிடைக்கிறது. மீதி 5-க்கு 10 வினாடி ஆகிறது. மொத்தம் 19 + 50 = 69 வினாடி; சராசரி 0.69. ஆனால் 0.69 வினாடி காத்திருந்தவர் ஒருவர்கூட இல்லை!

நேரங்களைக் குறைவிலிருந்து அதிகமாக வரிசைப்படுத்தி, நூற்றில் இத்தனையாவது இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் பெர்சென்டைல். நம் பிள்ளைகளின் நுழைவுத் தேர்வு முடிவுகளில் வருகிறதே, அதேதான். இங்கே 50-ஆவது இடத்தில் 0.2 வினாடி, 95-லும் 0.2. 99-க்குப் போனால் 10 வினாடி தலைகாட்டுகிறது.

ஐந்துதானே என்று விட்டுவிட முடியாது. தேடல், இருக்கை, கட்டணம் என ஒரு டிக்கெட்டுக்கு 10 கோரிக்கைகள் போவதாக வைத்துக்கொள்வோம். தாமதம் எதில் வேண்டுமானாலும் வரலாம் என்றால், பத்தும் விரைவாக முடிய வாய்ப்பு 0.95-ஐப் பத்து முறை பெருக்கினால் வருவது: சுமார் 0.60. ஆக, நூறு பயணிகளில் நாற்பது பேர் ஒருமுறையாவது சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இதிலும் ஒரு வழுக்கல் உண்டு. இரண்டு கணினிகளின் 99-ஆம் பெர்சென்டைலைக் கூட்டி இரண்டால் வகுத்தால், மறுபடி சராசரிப் பள்ளத்தில்தான் விழுவோம். இரண்டிலும் வந்த கோரிக்கைகளை ஒரே வரிசையில் நிறுத்தித்தான் எண்ண வேண்டும்.