நோட்டீஸ் காலத்தில் மிச்ச லீவைக் கேட்பது எப்படி?

ராஜினாமா கொடுத்ததும் பலர் பார்ப்பது, கணக்கில் எத்தனை லீவு மிச்சம் இருக்கிறது என்பதைத்தான். ஆனால் முதலில் படிக்க வேண்டியது பணி நியமனக் கடிதத்தையும் நிறுவனத்தின் லீவு விதிகளையும். பல தனியார் நிறுவனங்களில் நோட்டீஸ் காலத்தில் லீவு எடுத்தால், எடுத்த நாட்கள் அளவுக்குக் கடைசி வேலை நாள் தள்ளிப்போகும். புது வேலையில் சேரும் தேதியை ஒப்புக்கொண்டவருக்கு இது பெரும் சிக்கல்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவருக்கு மாதச் சம்பளம் 45,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளம் 18,000. நோட்டீஸ் 60 நாள். ஜூன் 1 அன்று ராஜினாமா கொடுத்து, அன்றிலிருந்தே எண்ணினால் ஜூலை 30 கடைசி நாள். கேஷுவல் லீவு 4 நாளும் இ.எல். எனப்படும் ஈட்டிய விடுப்பு 10 நாளும் மிச்சம். கேஷுவல் லீவு பெரும்பாலும் பணமாகாது, வேலையை விடும்போது காலாவதியாகிவிடும். அதனால் அனுமதி கிடைத்தால் அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். இ.எல். பணமாகும். ஆனால் பல இடங்களில் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்கிடுவார்கள். 30-ஆல் வகுத்தால் நாளுக்கு 600 ரூபாய். ஆகவே ஒரு நாள் இ.எல். எடுப்பவர் இழப்பது அந்த 600 ரூபாயைத்தான். அன்றைய சம்பளமான 1,500 குறையாது. ஓய்வோ, வீடு மாற்றும் வேலையோ இருப்பவருக்கு இது நல்ல பேரம் என்றே நினைக்கிறேன்.

கடைசி வாரத்தில் கேட்டால் மறுப்பு வருவதே அதிகம். பொறுப்பை ஒப்படைப்பது, லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் திருப்பிக் கொடுப்பது எல்லாம் அப்போதுதான் நடக்கும். நடுவில் ஒரு வாரம் கேட்பது நல்லது. மேலாளருக்கு எழுதும் மின்னஞ்சலில் மனிதவளப் பிரிவையும் சேர்த்து, இப்படி எழுதலாம்:

"ஜூன் 1 அன்று நான் கொடுத்த ராஜினாமாவின்படி என் கடைசி வேலை நாள் ஜூலை 30. என் கணக்கில் 10 நாள் இ.எல். உள்ளது. அதில் 5 நாளை ஜூலை 6 முதல் 10 வரை எடுக்க அனுமதி கோருகிறேன். என் பொறுப்பில் உள்ள வேலைகளின் குறிப்புகளை ஜூலை 3-க்குள் ஒப்படைத்துவிடுகிறேன். இந்த விடுப்பால் கடைசி வேலை நாள் மாறாது என்பதையும், மீதி 5 நாள் இறுதிக் கணக்கில் பணமாகச் சேரும் என்பதையும் உறுதிசெய்து பதில் தர வேண்டுகிறேன்."

இதில் உயிரான வரி கடைசி வரிதான். மேலாளர் வாய்ச்சொல்லாக "சரி, எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிடுவார். மனிதவளப் பிரிவின் கணக்கிலோ கடைசி நாள் ஆகஸ்டுக்குப் போயிருக்கும். மின்னஞ்சலில் பதில் வராமல் லீவில் போனால், அந்த நாட்களைச் சம்பளமில்லா விடுப்பாகக் கழிக்கவும், நோட்டீஸை நீட்டவும் வாய்ப்புண்டு. அனுமதி மறுக்கப்பட்டால், 10 நாளும் பணமாகக் கிடைக்குமா என்று அதே மின்னஞ்சலிலேயே கேட்டு, இறுதிக் கணக்கு கைக்கு வரும்போது அந்த எண்ணைச் சரிபார்க்கலாம்.