கட்டம் போட்ட லுங்கி, பிரிண்ட் லுங்கி, பிளைன் சட்டை: மூன்றும் ஏன் ஒரே மாதிரி வெளுப்பதில்லை?

ஒரே நாளில் மூன்று துணி வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று, பச்சையும் சிவப்பும் வெள்ளையும் கலந்த கட்டம் போட்ட லுங்கி. இன்னொன்று, அதே மாதிரி கட்டம் அச்சடித்த பிரிண்ட் லுங்கி. மூன்றாவது, கருநீல பிளைன் காட்டன் சட்டை. மூன்றையும் ஒரே சோப்பு போட்டுத் துவைத்து, ஒரே கொடியில்தான் காயப்போடுகிறீர்கள். ஆனால் ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் மூன்றும் மூன்று விதமாக வெளுத்திருக்கும்.

பிரிண்ட் லுங்கியில் உட்காரும் இடம் மட்டும் மங்கியிருக்கும். சட்டையில் காலர் ஓரம் வெள்ளைக்கோடு போட்டது போல இருக்கும். கட்டம் போட்ட லுங்கியில் பச்சை மட்டும் நீலமாக மாறியிருக்கும், சிவப்பு அப்படியே இருக்கும். என்ன காரணம்? சாயம் எந்தக் கட்டத்தில் ஏறியது, எந்த வகைச் சாயம் என்ற இரண்டு கேள்விகளில் பதில் இருக்கிறது.

நூலிலேயே நிறம்

குறிஞ்சிப்பாடி, குடியாத்தம், பள்ளிபாளையம் பக்கம் தயாராகும் கட்டம் போட்ட லுங்கிகளில், தறிக்குப் போகும் முன்பே நூலுக்குச் சாயம் ஏற்றிவிடுவார்கள். பிறகு பாவில் இத்தனை இழை பச்சை, இத்தனை இழை வெள்ளை என்று வரிசையாக ஓட்டி, ஊடையிலும் அதே வரிசையில் நெய்வார்கள். கட்டம் தானாக விழும். பச்சைப் பாவும் வெள்ளை ஊடையும் சந்திக்கும் இடத்தில் இளம்பச்சை தெரியும். அங்கே இளம்பச்சை நூலே கிடையாது, இரண்டு நூலும் சேர்ந்து கண்ணுக்குக் காட்டும் நிறம் அது. கட்டம் போட்ட சட்டைத்துணியும் பெரும்பாலும் இப்படித்தான் தயாராகிறது.

இந்த முறையில் ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு நிற நூலும் தனித்தனித் தொட்டியில் சாயம் ஏறுவதால், அந்தந்த நிறத்துக்கு எது நன்றாக நிற்குமோ அந்தச் சாயத்தைப் பயன்படுத்தலாம். உதாரணத்துக்கு, வாட் சாயம். இது தண்ணீரில் கரையாது. காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோசல்பைட்டும் சேர்த்துக் கரைய வைத்து நூலுக்குள் இறக்குவார்கள். பிறகு காற்று பட்டதும் மறுபடியும் கரையாத பொருளாகி இழைக்குள்ளேயே தங்கிவிடும். உள்ளே போனது வெளியே வர வழியில்லை. துவைத்தாலும் வெயிலில் போட்டாலும் நல்ல வாட் சாயம் தாக்குப்பிடிக்கும்.

ஆனால் இதே வசதியில்தான் சிக்கலும் இருக்கிறது. ஒரு லுங்கியில் நாலு நிறம் இருந்தால் நாலு சாயத்தின் ஆயுள் அதில் இருக்கிறது. பச்சையைப் பல நேரம் ஒரு நீலச் சாயமும் ஒரு மஞ்சள் சாயமும் கலந்துதான் எடுப்பார்கள். அந்த மஞ்சள் வெயிலுக்குத் தாங்காத ரகம் என்றால், அது மட்டும் முதலில் போய்விடும். பச்சைக் கோடு நீலக் கோடாகிவிடும். பக்கத்து சிவப்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது. "கட்டம் போட்ட துணி என்றால் சாயமே போகாது" என்று கடையில் சொல்வது பாதி உண்மைதான்.

பிரிண்ட் லுங்கியில் நடப்பது வேறு

விலை குறைந்த பிரிண்ட் துணிகளில் பெரும்பாலும் பிக்மென்ட் பிரிண்ட்தான். இந்த நிறத்தூளுக்குப் பருத்தியோடு எந்த ஒட்டும் கிடையாது. பைண்டர் என்ற பசைதான் அதைத் துணியின் மேல்பரப்பில் பிடித்து வைக்கிறது. அச்சடித்த பிறகு ஏறக்குறைய 150 டிகிரி சூட்டில் சில நிமிடம் துணியைக் காட்டினால்தான் பசை இறுகும். சூடு குறைந்தாலோ, நேரம் குறைந்தாலோ பசை சரியாகப் பிடிக்காது. அடித்துத் துவைக்கத் துவைக்க உதிரும்.

அதனால் இது நிறம் நிறமாக வெளுக்காது, இடம் இடமாக வெளுக்கும். உட்காரும் இடம், முட்டி, இடுப்பில் முடிச்சு விழும் இடம் என்று உரசல் எங்கே அதிகமோ அங்கே எல்லா நிறமும் சேர்ந்தே போகும். வெயிலை மட்டும் கேட்டால் பல பிக்மென்ட்கள் நன்றாகவே தாங்கும். உரசல்தான் அதற்கு எதிரி. ரியாக்டிவ் சாயத்தில் அச்சடித்த பிரிண்ட் துணியும் உண்டு. அது மேலே ஒட்டாமல் இழையோடு சேர்வதால் தொட்டால் மெத்தென்று இருக்கும், கூடுதல் நாள் நிற்கும்.

காலர் ஓரம் மட்டும் ஏன் வெள்ளை?

பிளைன் சட்டைத்துணியை வெள்ளையாக நெய்துவிட்டு, மொத்தத் துணியையும் சாயத்தில் விடுவார்கள். இதை பீஸ் டையிங் என்பார்கள். அடர்த்தியாக நெய்த துணியில், முறுக்கேறிய நூலின் நடுப்பகுதி வரை சாயம் சில நேரம் போய்ச் சேராது. வெளிவட்டம் கருநீலமாகவும் உள்ளே வெளிறியும் இருக்கும். காலர் மடிப்பு, கஃப் ஓரம், பாக்கெட் விளிம்பு ஆகியவை பிரஷ் போட்டுத் தேய்க்கும் இடங்கள். அங்கே வெளிவட்ட இழை தேய்ந்ததும் உள்ளே இருக்கும் வெளிறிய பகுதி எட்டிப் பார்க்கும். மற்ற இடமெல்லாம் சீராக லேசாக மங்கும். சட்டை கிழிந்திருக்காது, ஆனால் பழசாகத் தெரியும்.

முதல் துவையலில் தண்ணீர் ஏன் சிவப்பாகிறது?

இன்று பருத்திக்கு அதிகம் பயன்படுவது ரியாக்டிவ் சாயம். உப்பும் சோடா ஆஷும் சேர்த்தால் இது பருத்தியோடு வேதிப்பிணைப்பு போட்டுக்கொள்ளும். ஆனால் தொட்டியில் இருக்கும் சாயம் முழுவதும் பருத்தியைப் பிடிப்பதில்லை. ஒரு பங்கு தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகிவிடும். அது நூலில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். கொதிநிலைக்குப் பக்கத்தில் இருக்கும் சோப்புத் தண்ணீரில் அலசி, மறுபடி மறுபடி நல்ல தண்ணீர் விட்டுத்தான் அதை வெளியேற்ற முடியும்.

அந்த அலசலைக் குறைத்தால் மிச்சம் செய்வது தண்ணீர், விறகு, கழிவுநீர்ச் செலவு. திருப்பூரில் சாயக்கழிவு நொய்யலில் கலந்த விவகாரத்தில், 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை ஆற்றில் விடாமல் முழுவதும் சுத்திகரிக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதன்பிறகு பட்டறையில் ஒவ்வொரு குடம் அலசல் தண்ணீருக்கும் சுத்திகரிப்புச் செலவு உண்டு. அதை மிச்சம் பிடிக்கும் இடத்தில், மீதிச் சாயம் உங்கள் வீட்டு வாளியில்தான் இறங்கும். நல்ல சாயத்தில் செய்த லுங்கியாக இருந்தாலும் இது நடக்கும். இரண்டு மூன்று துவையலில் நின்றுவிட்டால் அது வெறும் மீதிச் சாயம். பத்தாவது துவையலிலும் வந்தால் சாயமே மட்ட ரகம்.

கடையிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

லுங்கியின் ஓரத்திலிருந்து ஒரே ஒரு இழையை உருவிப் பாருங்கள். முழு நீளத்துக்கும் ஒரே நிறம் என்றால் நூல் சாயம். கொஞ்ச தூரம் பச்சை, கொஞ்ச தூரம் வெள்ளை என்று மாறினால் பிரிண்ட். இழையை உருவ விடமாட்டார்கள் என்றால் துணியைத் திருப்புங்கள். பிரிண்ட் என்றால் பின்பக்கம் வெளிறியிருக்கும். பிளைன் துணியில் ஒரு இழையைப் பிரித்து முறுக்கை அவிழ்த்தால் உள்ளே நிறம் ஏறியிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

அடுத்து, வெள்ளைக் கைக்குட்டையை ஈரமாக்கி அடர்நிறப் பகுதியில் பத்துத் தடவை தேய்த்துப் பாருங்கள். ஆய்வகத்திலும் அடிப்படையில் இதே சோதனைதான். வெள்ளைத்துணியில் ஏறிய கறையை 1 முதல் 5 வரை மதிப்பிடுவார்கள், 5 என்றால் கறையே இல்லை.

"உப்புத் தண்ணியில ஊறவெச்சா சாயம் நிக்கும்" என்று வீட்டில் சொல்வார்கள். ஊறும் நேரத்தில் சில சாயங்கள் கரைவதை உப்பு குறைக்கும், அவ்வளவுதான். அடுத்த தடவை சாதாரணத் தண்ணீரில் போட்டால் மறுபடி இறங்கும். முதல் இரண்டு மூன்று துவையலுக்குத் தனியாக நனைத்து, ஊறவிடாமல் அலசி எடுப்பதே மேல். சட்டையை உள்பக்கம் திருப்பி, நிழலில் காயப்போடுங்கள். பிரிண்ட் லுங்கிக்கு பிரஷ் வேண்டாம்.