தங்கச்சி மகன் ஓட்டினால் யார் பணம் கட்டுவது?

தெரணியகல, யட்டியாந்தோட்டை, இறக்குவானை, பலாங்கொடைப் பக்கத் தோட்டங்களில் ஆட்டோ இல்லாமல் காரியம் நடப்பதில்லை. வயிற்றுவலிக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அரிசி மூட்டையை டவுனிலிருந்து ஏற்றிவருவதும் அதில்தான். பெரும்பாலும் லீசிங்கில் எடுத்த ஆட்டோவாக இருக்கும். லீசிங் கம்பனி கேட்பதால் முழுக் காப்புறுதியும் போட்டிருப்பார்கள். "ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு, என்ன நடந்தாலும் கம்பனி பார்த்துக்கும்" என்ற நம்பிக்கை அதோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. அந்த நம்பிக்கை முழுக்கச் சரியல்ல. எந்தக் காப்புறுதிப் பத்திரத்திலும் "விலக்குகள்" என்று ஒரு பகுதி உண்டு. இன்னின்ன நட்டத்துக்குப் பணம் கிடையாது என்று கம்பனி முன்கூட்டியே எழுதிவைத்திருக்கும் பகுதி அது. அதில் அதிகம் பேரை அடிக்கும் மூன்றை மட்டும் இங்கே பார்ப்போம். முதலாவது, லைசன்ஸ் இல்லாதவர் ஓட்டுவது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மாமாவுக்குச் சொந்தமாக ஆட்டோ இருக்கிறது, லைசன்ஸும் இருக்கிறது. தங்கச்சி மகனுக்கு வயது பத்தொன்பது. நன்றாக ஓட்டுவான், ஆனால் கையில் இருப்பது மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் மட்டும். ஒரு நாள் மாமாவுக்குக் காய்ச்சல். "நீயே போய் மருந்து வாங்கிட்டு வா" என்று சாவியைக் கொடுக்கிறார். மழையில் வளைவொன்றில் வண்டி வழுக்கி, பால் வெட்டிவிட்டு வந்துகொண்டிருந்த ஓர் அம்மாவை இடித்து, கானுக்குள் விழுகிறது. அம்மாவுக்குக் கால் முறிந்துவிட்டது. வண்டியைச் சரிசெய்ய 180,000 ரூபா ஆகும் என்கிறது கராஜ்.

அந்த 180,000இல் ஒரு சதமும் கம்பனியிடமிருந்து வராது. இலங்கையில் லைசன்ஸ் வாகன வகைப்படி கொடுக்கப்படுகிறது. மோட்டார் சைக்கிளுக்கு ஏ வகை, முச்சக்கர வண்டிக்குப் பி1 வகை. ஏ வகை மட்டும் வைத்திருப்பவர் ஆட்டோ ஓட்டினால், பத்திரத்தின் கண்ணுக்கு அவர் லைசன்ஸ் இல்லாதவரே. எவ்வளவு திறமையாக ஓட்டினான் என்பதோ, மழைதான் காரணம் என்பதோ இங்கே எடுபடாது. உரிமையாளருக்குத் தெரிந்து, அவருடைய சம்மதத்தோடு, தகுதியான லைசன்ஸ் இல்லாத ஒருவர் ஓட்டிக்கொண்டிருக்கும்போது ஏற்படும் நட்டம் என்றுதான் விலக்கு எழுதப்பட்டிருக்கும். அதில் "ஓட்டிக்கொண்டிருக்கும்போது" என்ற சொல்லைக் கவனியுங்கள். அதே பையன் வண்டியைக் கடை ஓரத்தில் நிறுத்திவிட்டு உள்ளே போயிருந்தபோது ஒரு லொறி வந்து இடித்திருந்தால், அப்போது வண்டியை யாரும் ஓட்டவில்லை. அந்த இடத்தில் உங்கள் பக்கம் வாதிட நியாயம் இருக்கிறது, விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கால் முறிந்த அம்மாவின் நிலை வேறு. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியிருப்பது வீதியில் அடிபடுகிறவருக்காகத்தான். வழக்குப் போட்டு நீதிமன்றம் நட்டஈட்டைத் தீர்மானித்தால், அதைக் கட்டும் கடமையைச் சட்டம் காப்புறுதிக் கம்பனிமீது வைக்கிறது. ஆனால் கட்டியதோடு கதை முடிவதில்லை. சட்டம் வற்புறுத்தியதால் மட்டும் கம்பனி கட்டிய பணத்தை உரிமையாளரிடமிருந்து திரும்பப் பெறலாம் என்ற பிரிவு மோட்டார் பத்திரங்களில் வழக்கமாக இருக்கும். இந்தியாவிலும் இதே கேள்வி எழுந்தது. 2004இல் சுவரண் சிங் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், லைசன்ஸ் குறையைக் காட்டி மட்டும் கம்பனி தப்ப முடியாது, உரிமையாளரே கவனமின்றி அந்த மீறலுக்கு இடம்கொடுத்தார் என்பதையும் அது நிரூபிக்க வேண்டும் என்றது. பாதிக்கப்பட்டவருக்கு முதலில் கட்டு, பிறகு உரிமையாளரிடம் அறவிடு என்ற வழியையும் உறுதிசெய்தது. இலங்கை நீதிமன்றங்களை அந்தத் தீர்ப்புக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் விஷயத்தின் சாரம் அதில் தெளிவாகத் தெரிகிறது: அம்மாவுக்குப் பணம் கிடைக்க வழியிருக்கிறது, மாமாவின் தலையில் கடன் விழவும் வழியிருக்கிறது.

இந்தக் கட்டத்தில்தான் ஊரில் ஒரு யோசனை வரும். "மாமா ஓட்டினதா சொல்லிரலாம்." தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கம்பனி ஆள் வரும்போது சாரதியின் லைசன்ஸைப் படம் பிடிப்பார், பொலிஸ் பதிவைக் கேட்பார், கூடியிருந்தவர்களிடம் பேசுவார். அடிபட்ட அம்மாவே வண்டிக்குள் யார் இருந்தது என்று சொல்லிவிடுவார். பொய் வெளிப்பட்டால் அந்தக் கோரிக்கை முழுவதும் போகும், மோசடி வழக்கும் வரலாம். கிடைக்கக்கூடியதையும் சேர்த்து இழக்கும் வழி அது.

லைசன்ஸ் காலாவதியானாலும் சிக்கல் உண்டு. இலகுரக வாகன லைசன்ஸ் எட்டு வருடங்களுக்குத்தான். முன்பு லைசன்ஸ் வைத்திருந்து, அதைப் பெறத் தடை செய்யப்படாதவரையும் சில பத்திரங்கள் ஏற்கும். சில பத்திரங்கள், விபத்து நடந்த அன்று செல்லுபடியான லைசன்ஸ் இருந்தே ஆகவேண்டும் என்று கேட்கும். உங்களுடையது எது என்பதை அந்த ஒரு வரியைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். ஹயருக்கு ஓடும் ஆட்டோவைச் சொந்தப் பாவனை என்று பதிந்து குறைந்த கட்டணம் கட்டுவதும் இதே குழிதான். பயணியை ஏற்றியிருக்கும்போது இடித்தால் கோரிக்கை நின்றுவிடும்.

இரண்டாவது விலக்கு தேய்மானம். காப்புறுதி எதிர்பாராத நிகழ்வுக்குத்தான் பணம் தரும். எப்படியும் நடக்கப்போகிற ஒன்றுக்குத் தராது. டயர் தேயும், பிரேக் கட்டை தேயும், தகரம் துருப்பிடிக்கும், மரத்தைக் கறையான் அரிக்கும். இவற்றுக்குப் பணம் இல்லை. ஆனால் தேய்ந்த பொருளுக்கும் அதனால் வந்த விபத்துக்கும் வித்தியாசம் உண்டு. தேய்ந்த பிரேக் கட்டைக்குப் பணம் கிடையாது. பிரேக் பிடிக்காமல் மதிலில் மோதி உடைந்த கண்ணாடிக்கும் வளைந்த முன்பக்கத்துக்கும் கிடைக்கலாம். வாகனத்தை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பத்திரத்தில் இருக்கும். அதை மீறினீர்கள் என்று கம்பனி சொன்னால் அதுவும் போகும். சேர்விஸ் பில்களைக் கட்டி வைத்திருப்பவருக்கு அப்போது கையில் ஆதாரம் இருக்கும்.

கட்டடத்தில் இது இன்னும் நன்றாகத் தெரியும். தோட்டச் சந்தியில் உள்ள பலசரக்குக் கடை ஒன்று, தகரக் கூரை, புயலுக்கும் சேர்த்துக் காப்புறுதி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மே மாதக் காற்றில் மூன்று தகரங்கள் பறந்துவிட்டன. அதன் கீழே இருந்த அரிசி மூட்டைகள் நனைந்தன. மறுமூலையில் பழைய ஆணித்துளை வழியாக ஒழுகி மாவும் சீனியும் கெட்டன. கடைக்காரர் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கோருகிறார். மதிப்பீட்டாளர் ஏணி வைத்து ஏறிப் பார்க்கிறார். காற்றுப் பிய்த்த இடத்தில் தகரத்தின் விளிம்பு பளபளக்கிறது, ஆணி இழுத்த கீறல் புதிது. மூலையிலோ துளையின் விளிம்பு செம்மண் நிறத்தில் உதிர்கிறது, கீழே சுவரில் வருடக்கணக்கான கறை வழிந்திருக்கிறது. பறந்த தகரத்துக்கும் அரிசிக்கும் பணம் உண்டு. மாவுக்கும் சீனிக்கும் இல்லை, ஏனென்றால் அந்த வழியைத் திறந்தது புயல் அல்ல. தகரத்துக்கும்கூடப் புதுத் தகரத்தின் முழு விலை வராமல், வயதுக்கேற்பக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பது வழக்கம்.

இதில் ஒரு சட்டப் புள்ளி கடைக்காரருக்குச் சாதகமானது. நட்டம் புயலால் வந்தது என்று காட்டுவது அவர் பொறுப்பு. அது விலக்குக்குள் விழுகிறது என்று காட்டுவது கம்பனியின் பொறுப்பு. ஆகவே மழைக்காலத்துக்கு முன்பே கூரையைக் கையடக்கத் தொலைபேசியில் படம் பிடித்து வையுங்கள். திகதியோடு இருக்கும் அந்தப் படம் "எல்லாம் பழசு" என்ற ஒரு வார்த்தையில் கோரிக்கையைத் தள்ளிவிடாமல் தடுக்கும்.

மூன்றாவது கவனயீனம். இங்கேதான் மக்கள் அநாவசியமாகப் பயந்து கோரிக்கையே போடாமல் விடுகிறார்கள். சாமிப் படத்துக்கு முன் ஏற்றிய விளக்குச் சரிந்து கடை எரிந்தால், "என் பிழைதானே" என்று ஒதுங்க வேண்டியதில்லை. சாதாரண மறதிக்கும் கைத்தவறுக்கும் சேர்த்துத்தான் தீக் காப்புறுதி. 1941இல் இங்கிலாந்தில் ஒரு பெண், திருடருக்குப் பயந்து நகைகளைக் கணப்பு அடுப்பின் விறகுக்கடியில் ஒளித்துவைத்து, அதை மறந்து தானே நெருப்பு மூட்டிவிட்டார். காப்புறுதியாளர் நட்டஈடு தரவேண்டும் என்றே தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பு நமக்கும் தூரமானதல்ல. தீ, ஆயுள் காப்புறுதி விஷயங்களில் இங்கிலாந்துச் சட்டமே இலங்கையில் செல்லும் என்று 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சொல்கிறது.

விலக்கப்படுவது வேறு. வேண்டுமென்றே செய்தது, குடித்துவிட்டு ஓட்டியது, ஆபத்துத் தெரிந்தும் துணிந்து விட்டது. வயர் சூடாகிறது என்று மின்வேலைக்காரர் எச்சரித்த பிறகும் பியூஸுக்குப் பதில் கம்பியைச் சுற்றி ஓட்டினால், அது மறதி இல்லை. இரத்தினபுரியில் களுகங்கை பெருகும்போது இந்த வித்தியாசத்தை வண்டியிலேயே பார்க்கலாம். நிறுத்திவைத்த வண்டி வெள்ளத்தில் மூழ்கினால், வெள்ளத்துக்கான பாதுகாப்புச் சேர்ந்திருக்கும் பத்திரம் கைகொடுக்கும். தண்ணீர் வடிந்ததும் "ஸ்டார்ட் ஆகுதா" என்று திருகிப் பார்த்து, எஞ்சினுக்குள் புகுந்த தண்ணீரால் உள்ளே இருக்கும் கம்பி வளைந்துவிட்டால், அந்தச் செலவை இயந்திரக் கோளாறு என்று கம்பனி ஒதுக்கப் பார்க்கும். சாவியைத் தொடாமல் படம் எடுத்து, கம்பனிக்கு அறிவித்து, இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

வீடு, கடைக்குக் காப்புறுதி எடுப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். 2016 மே 17இல் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மண் சரிந்ததைச் சபரகமுவவில் யாரும் மறக்கவில்லை. பத்திரத்தில் "வெள்ளம்" என்று இருந்தால் மண்சரிவும் அதில் அடங்கும் என்று எண்ணிவிடாதீர்கள். "மண்சரிவு" என்ற சொல் தனியாக இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் சேர்க்க முடியுமா, எவ்வளவு கூடும் என்று கேளுங்கள்.

கோரிக்கையை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எந்தப் பிரிவின்படி மறுக்கிறார்கள் என்பது அந்தக் கடிதத்தில் இருக்கவேண்டும். அதை வைத்து முதலில் கம்பனிக்கே மேன்முறையீடு செய்யலாம். அதற்குமேல் காப்புறுதி ஒம்புட்ஸ்மனும் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் இருக்கின்றன.

அடுத்த முறை பத்திரம் புதுப்பிக்க ஏஜன்ட் வரும்போது, கையெழுத்துக்கு முன் அவரை உட்காரவைத்து விலக்குப் பக்கத்தைத் தமிழில் வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். வீட்டில் யார் யார் வண்டி எடுப்பார்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். பையனுக்குப் பி1 வகை இல்லையென்றால், அது கையில் வரும்வரை சாவியைக் கொடுக்காதீர்கள்.