பச்சைக் குறி இருக்கிறது, இடம் இருக்கிறதா?

கையடக்கக் கணினி வைத்திருப்பவர்கள் கேம் வாங்கும்போது முதலில் தேடுவது ஒரு சின்னப் பச்சைக் குறியை. வால்வ் நிறுவனம் 2022 பிப்ரவரியில் ஸ்டீம் டெக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, கேம்களைச் சோதித்துத் தரம் பிரிக்கும் முறையையும் சேர்த்தே கொண்டுவந்தது. பச்சை டிக் என்றால் ‘வெரிஃபைடு’, மஞ்சள் என்றால் ‘பிளேயபிள்’, சாம்பல் நிறத் தடைக்குறி என்றால் ‘அன்சப்போர்டட்’. கேள்விக்குறி இருந்தால் இன்னும் சோதிக்கவில்லை என்று பொருள். பலரும் நிறத்தைப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். நிறத்துக்குப் பின்னால் என்ன சோதித்தார்கள் என்பதையும், பக்கத்தின் அடியில் ‘ஸ்டோரேஜ்’ என்று ஒரு வரியில் முடிந்துபோகும் எண்ணையும் படித்துவிட்டு வாங்கினால் பாதித் தொல்லை வராது.

இப்படி ஒரு தரக்குறி ஏன் தேவைப்பட்டது? ஸ்டீம் டெக் பார்க்க விளையாட்டுக் கருவி போல இருந்தாலும் உள்ளே இருப்பது முழுக் கணினி. அதில் ஓடுவது லினக்ஸ் அடிப்படையிலான ஸ்டீம்ஓஎஸ். ஆனால் பெரும்பாலான கேம்கள் விண்டோஸுக்காக எழுதப்பட்டவை. இரண்டுக்கும் நடுவில் புரோட்டான் என்ற மென்பொருள் இருந்து, கேம் விண்டோஸிடம் கேட்பதையெல்லாம் லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றித் தருகிறது. பெரும்பாலும் விளையாடுபவருக்கு இது தெரியவே தெரியாது. சில கேம்களில் மட்டும் தகராறு செய்யும். அதை முன்கூட்டியே சொல்லத்தான் இந்தக் குறி.

சோதிப்பவர்கள் நான்கு விஷயங்களைப் பார்க்கிறார்கள். டெக்கின் பொத்தான்களை மட்டும் வைத்துக்கொண்டு கேம் முழுவதையும் இயக்க முடிகிறதா? 1280×800 திரையில் எழுத்து படிக்கும்படி இருக்கிறதா? நடுவில் லாஞ்சர் என்று தனிச் சாளரம் திறந்து தொல்லை தருகிறதா? புரோட்டானோடு ஒத்துப்போகிறதா? எழுத்துக்கு வால்வ் வைத்திருக்கும் அளவுகோல் துல்லியமானது. மிகச் சிறிய எழுத்தும் 9 பிக்சல் உயரத்துக்குக் கீழே போகக்கூடாது. மேசைக் கணினியின் பெரிய திரையை மனதில் வைத்து உருவாக்கிய பழைய வியூக கேம்கள் பல இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கின்றன.

கடைப் பக்கத்தில் டெக் குறிக்குப் பக்கத்தில் இருக்கும் ‘லேர்ன் மோர்’ என்பதைத் தொட்டால், எந்தச் சோதனையில் என்ன முடிவு வந்தது என்று வரிவரியாக விரியும். மஞ்சள் குறி கண்டு பயந்து நல்ல கேமை விட்டுவிடாமலிருக்க இதைப் படித்தே ஆகவேண்டும். மஞ்சளுக்குக் காரணம் பெயர் தட்டச்சு செய்யும்போது திரை விசைப்பலகையை நாமே வரவழைக்க வேண்டும் என்ற ஒன்று மட்டுமாக இருக்கலாம். ஸ்டீம் பொத்தானோடு X-ஐச் சேர்த்து அழுத்தினால் விசைப்பலகை வந்துவிடும். அத்தோடு பிரச்சினை தீர்ந்தது. எழுத்து மிகச் சிறியது என்று போட்டிருந்தால், அதுவும் பக்கம் பக்கமாக உரையாடல் உள்ள கேமாக இருந்தால், கண் வலி நிச்சயம். இரண்டுக்கும் ஒரே மஞ்சள்தான்.

பச்சைக் குறியின் எல்லையைப் புரிந்துகொள்ள ‘பால்டர்ஸ் கேட் 3’ நல்ல உதாரணம். லாரியன் ஸ்டூடியோஸ் உருவாக்கிய இந்த கேம் 2023 ஆகஸ்டில் முழுமையாக வெளியானது. டெக்கில் பச்சைக் குறியும் பெற்றது. தொடக்கத்தில் காட்டிலும் மேட்டிலும் சுற்றும்போது விநாடிக்கு 30 படங்கள் என்ற அளவில் ஓரளவு சீராக ஓடியது. மூன்றாம் பகுதியில் பெரிய நகரத்துக்குள் நுழைந்ததும் நிலைமை மாறிவிட்டது. தெருவெங்கும் மக்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை, ஒரு நடமாட்டம். இத்தனையையும் கணக்கிடுவது கிராஃபிக்ஸ் சிப் அல்ல, பிராசசர். டெக்கில் இருப்பது நான்கு கோர் பிராசசர். அதனால் படங்களின் வேகம் இருபதுகளுக்கு இறங்கியது, சில சந்துகளில் அதற்கும் கீழே. கிராஃபிக்ஸ் அமைப்புகளைக் குறைத்தும் பெரிதாக மீளவில்லை, ஏனென்றால் முட்டுக்கட்டை இருந்தது வேறு இடத்தில்.

பச்சைக் குறி பொய் சொல்லவில்லை. வழக்கமான அமைப்பில் கேம் விளையாடும்படி ஓடுகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. முதல் மணி முதல் கடைசி மணி வரை ஒரே வேகம் என்ற உறுதிமொழி அதில் இல்லை. பிறகு 2025 செப்டம்பரில் லாரியன் டெக்குக்கென்றே தனிப் பதிப்பு வெளியிட்டது. புரோட்டான் நடுவில் வேண்டியதில்லை என்பதால் பிராசசரின் சுமை குறைந்தது. தடுமாறிய காலத்திலும் பச்சை, தேறிய பிறகும் பச்சை. ஆகவே பெரிய கேம் என்றால் குறியோடு நிற்காமல் விளையாடியவர்கள் சொல்வதையும் பார்க்க வேண்டும். ஸ்டீம் கடைப் பக்கத்தில் விமர்சனங்களை வடிகட்டும் இடத்தில், பெரும்பாலும் டெக்கில் விளையாடியவர்கள் எழுதியதை மட்டும் காட்டும் வசதி இருக்கிறது. அதில் அண்மையில் வந்தவற்றை, அதுவும் அதிக மணி நேரம் விளையாடியவர்கள் எழுதியவற்றை, முதலில் படியுங்கள். புரோட்டான்டிபி என்ற தளத்திலும் பயனர்கள் எந்தப் பதிப்பில், எந்த அமைப்பில் ஓடியது என்று விவரமாகப் பதிகிறார்கள்.

இணையத்தில் பலரோடு மோதும் கேம்களுக்குத் தனி எச்சரிக்கை வேண்டும். அவற்றில் ஏமாற்று வேலையைத் தடுக்கும் ஆன்டி-சீட் மென்பொருள் இருக்கும். லினக்ஸை அது அனுமதிக்கிறதா என்பதை கேம் நிறுவனம்தான் முடிவு செய்கிறது. அந்த முடிவு நாளை மாறலாம். ‘ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்’ டெக்கில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. 2024 அக்டோபர் கடைசியில் ஈஏ நிறுவனம் லினக்ஸ் வழியை மூடியது; டெக் பயனர்கள் வெளியே நின்றார்கள். அதற்கு முந்தைய மாதம் ‘ஜிடிஏ ஆன்லைன்’ விஷயத்திலும் இதேதான் நடந்தது. ஆனால் அதே கேமின் தனியாள் கதைப் பகுதி டெக்கில் தொடர்ந்து ஓடியது. தடைக்குறியையும் உள்ளே திறந்து படிக்க வேண்டியிருப்பது இதனால்தான்: கதைக்காக மட்டும் வாங்குபவருக்கு அது தடையே அல்ல.

இனி இடத்துக்கு வருவோம். 512 ஜிபி டெக் வாங்கியவர் கையில் 512 ஜிபி கிடைக்காது. தயாரிப்பாளர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார்கள், கணினி 1024 ஆகப் பெருக்குகிறது. அந்தக் கணக்கில் 512 என்பது 476 ஆகிவிடும். ஸ்டீம்ஓஎஸ் தனக்கென எடுத்துக்கொள்வது போக ஏறத்தாழ 460 மிஞ்சும். அதில் ‘எல்டன் ரிங்’, ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’, ‘பால்டர்ஸ் கேட் 3’ மூன்றையும் போடுவதாக வைத்துக்கொள்வோம். கடைப் பக்கங்கள் கேட்கும் இடம் முறையே 60, 150, 150. மொத்தம் 360. இன்னும் 100 ஜிபி இருக்கிறதே என்று தோன்றும்.

அந்த நூறும் முழுசாக நம்முடையதல்ல. புரோட்டான் ஒவ்வொரு விண்டோஸ் கேமுக்கும் ஒரு குட்டி விண்டோஸ் சூழலை உருவாக்கி வைக்கும். ஷேடர் கோப்புகள் என்று திரைக்காட்சிக்கான தயார்நிலைத் தொகுப்பும் சேரும். கேமைப் பொறுத்து இவை சில ஜிபி வரை போகும். அதைவிடப் பெரிய சங்கடம் பேட்ச் வரும்போதுதான். பெரிய கேம்கள் தங்கள் படங்களையும் ஒலியையும் சில ராட்சதக் கோப்புகளில் அடைத்து வைத்திருக்கின்றன. உள்ளே சிறு பகுதி மாறினாலும் ஸ்டீம் அந்தக் கோப்பைப் புதிதாகக் கட்டுகிறது. கட்டி முடியும்வரை பழையதும் வட்டில் இருந்தாக வேண்டும். ‘பால்டர்ஸ் கேட் 3’-இன் சில பேட்ச்களுக்கு, தரவிறக்கம் அதைவிட வெகுவாகக் குறைவாக இருந்தும், 100 ஜிபிக்கு மேல் காலியிடம் தேவைப்பட்டது. இடம் போதாதவர்கள் கேமை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள் என்று லாரியனே சொன்னது. நம் கணக்கில் மிஞ்சிய நூறு அங்கே போதாது.

மறுபடி நிறுவுவதும் லேசான காரியமல்ல. 50 எம்பிபிஎஸ் இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலும் 150 ஜிபி இறங்க ஆறரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நீக்கும் முன் சேவ் கோப்புகள் ஸ்டீம் கிளவுடுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டனவா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வீட்டில் வேறொரு கணினியில் அதே கேம் இருந்தால், ஸ்டீம் அதிலிருந்தே வீட்டு வைஃபை வழியாக டெக்குக்கு மாற்றிக்கொள்ளும். இணைய டேட்டா மிச்சம். என் கருத்தில், 100 ஜிபியைத் தாண்டும் கேமை வாங்குபவர் அதே அளவு இடத்தைச் சும்மா விட்டுவைக்க முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் ஒரு சமயத்தில் ஒரு பெரிய கேம் என்று வைத்துக்கொள்வது உத்தமம்.

மைக்ரோ எஸ்டி அட்டை போட்டால் தீராதா என்று கேட்பார்கள். ஓரளவு தீரும். டெக்கில் உள்ள அட்டைத் துளை விநாடிக்கு 100 எம்பியை ஒட்டித்தான் படிக்கும். உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி அதைப்போலப் பல மடங்கு வேகம். ‘ஸ்டார்டியூ வேலி’ 500 எம்பி, ‘ஹேடிஸ்’ 15 ஜிபி. இந்த மாதிரி கேம்கள் அட்டையில் இருந்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் ‘பால்டர்ஸ் கேட் 3’-இன் தேவைப் பட்டியலில் எஸ்எஸ்டி அவசியம் என்று தெளிவாகவே போட்டிருக்கிறார்கள். அட்டையில் போட்டால் ஏறுவதற்கு நேரமாகும், நகரத்தில் சுவர்களும் முகங்களும் மங்கலாகத் தெரிந்து பிறகுதான் தெளியும். ஆகவே சின்னவற்றை அட்டைக்கு அனுப்பிவிட்டு உள் இடத்தைப் பெரியவற்றுக்கு ஒழித்துக் கொடுங்கள். புரோட்டான் சூழலும் ஷேடர் தொகுப்பும் பெரும்பாலும் உள் வட்டிலேயே சேர்வதால், அட்டையில் எவ்வளவு இடம் இருந்தாலும் உள்ளே கொஞ்சம் மிச்சம் வைத்தாக வேண்டும். அட்டையை டெக் தனக்கேற்ற லினக்ஸ் முறையில் ஃபார்மட் செய்யும் என்பதால் அதில் ஏற்கெனவே உள்ள புகைப்படங்களை முதலில் வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

அசுஸ் போன்ற நிறுவனங்களின் விண்டோஸ் கையடக்கக் கணினிகளுக்கு இந்தக் குறி அப்படியே பொருந்தாது. அங்கே விண்டோஸே இருப்பதால் புரோட்டான் சிக்கலும் பெரும்பாலான ஆன்டி-சீட் சிக்கலும் இல்லை. எழுத்தளவுச் சிக்கல் இருக்கிறது, இடச்சிக்கலும் இருக்கிறது. 2025 அக்டோபரில் ராக் எக்ஸ்பாக்ஸ் ஆலை வந்தபோது மைக்ரோசாஃப்டும் கையடக்கக் கருவிகளுக்கென ஒரு தரக்குறி முறையைக் கொண்டுவந்தது.

எல்லாம் பார்த்து வாங்கிய பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால், வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். தரவிறக்கும் நேரம் அந்த 2 மணியில் சேராது. எழுத்து படிக்கிறதா, பொத்தான்கள் கைக்கு வருகின்றனவா என்று பார்க்க அது தாராளம். ஆனால் ‘பால்டர்ஸ் கேட் 3’-இல் அந்த 2 மணி பாத்திரத்தை உருவாக்குவதிலும் தொடக்கக் கப்பலிலிருந்து தப்பிப்பதிலுமே கரைந்துவிடும். மூன்றாம் பகுதி நகரம் வருவதற்கு இன்னும் எத்தனையோ நாள் விளையாட வேண்டும். அதற்குள் பணம் திரும்பும் வழி அடைபட்டிருக்கும்.