கோர்வைக்குத் திரும்பிய கடை

காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்து சென்னையில் கணக்கு வேலை பார்த்த மகள், அப்பாவின் பட்டுச் சேலைக் கடையை ஏற்று நடத்த ஊர் திரும்புகிறாள். அவள் முதலில் பிரிப்பது கணக்கு நோட்டை. சேலைகள் விற்றிருக்கின்றன, பணம்தான் வந்து சேரவில்லை.

இந்தத் தொழிலில் முதல் முடங்கும் விதமே வேறு. கடைக்காரர் பட்டுநூலும் ஜரிகையும் வாங்கிப் பாவு போட்டு நெசவாளரிடம் கொடுக்கிறார். ஒரு பாவில் பொதுவாக மூன்று சேலைகள் இறங்கும். வேலைப்பாடு கூடிய சேலை ஒன்றுக்கே இரண்டு வாரம் ஆகலாம். அறுத்து வந்ததும் கூலி கொடுத்தாக வேண்டும். அதைப் பெரிய ஜவுளிக்கடைக்குக் கடனாக அனுப்பினால், பணம் வர மாதங்கள் ஆகும். அதற்குள் அடுத்த பாவுக்குப் பட்டு வாங்க வழியிருக்காது. தறி சும்மா நிற்கும். நெசவாளர் ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விடுவார். கடை அலமாரியில் விசைத்தறிச் சேலை வந்து உட்காரும்.

மகள் கடன் விற்பனையை நிறுத்துகிறாள். கையிலிருக்கும் முதலுக்கு இரண்டு தறிகளை மட்டும் ஓட்டி, கோர்வைச் சேலைகளை நெய்யச் சொல்லி, வாங்குபவருக்கே நேரடியாக விற்கிறாள். துணிச்சலான முடிவுதான், ஆனால் காரணம் தெளிவானது: மலிவான விசைத்தறிச் சேலையோடு விலையில் போட்டியிட முடியாது, அதில் கிடைக்காத வேலைப்பாட்டைத்தான் தர வேண்டும்.

கோர்வையில் உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் தனித்தனி நாடா என மூன்று ஓடுகின்றன. ஒரு பக்கக் கரை நாடாவைத் தள்ள நெசவாளருக்கு அருகில் இன்னொருவர் வேண்டும். பெரும்பாலும் வீட்டில் உள்ளவர்தான். அந்த இரண்டாவது ஆளின் உழைப்பையும் கூலியில் கணக்கிடாததுதான் பல வீடுகள் கோர்வையைக் கைவிட ஒரு காரணம். மகள் அதைத் தனியாகக் கணக்கிட்டுத் தருகிறாள்.

வாடிக்கையாளருக்கு வித்தியாசத்தைக் காட்டுவதும் அவள் வேலையாகிறது. பச்சை உடலில் சிவப்புக் கரை என்றால், கோர்வையில் பச்சை ஊடை கரைக்குள் நுழையாது. சிவப்பு சிவப்பாகவே துலங்கும். ஒரே நாடா கரை முதல் கரை வரை ஓடிய சேலையில் பச்சை இழை கரைக்குள்ளும் கலந்து, சிவப்பு மங்கித் தெரியும். சேலையைத் திருப்பிப் போட்டால் இரு நிறமும் பின்னிக் கொள்ளும் இடத்தைக் கையாலேயே தடவிப் பார்க்கலாம். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருப்பதையும் அவள் சொல்கிறாள். ஆனால் வாங்குபவரை நம்ப வைப்பது பெரும்பாலும் அந்தப் பின்பக்கம்தான்.

இந்த வழிக்கு எல்லையும் உண்டு. ஒரு தறி மாதத்துக்கு இரண்டு சேலைக்கு மேல் தராது. ஆவணியில் முகூர்த்தம் வைத்திருக்கும் வீட்டார் ஆடியில் வந்து கேட்டால், அவர்கள் விரும்பிய நிறத்தில் நெய்து கொடுக்க முடியாது. அதனால் சித்திரையிலேயே முன்பணம் வாங்கிக்கொண்டு பாவு போடுகிறாள். பட்டு வாங்க அந்த முன்பணமே முதலாகிறது.